மூத்திரப்பை நிரம்பவில்லை என்றால் இன்னும் குடிக்கலாமா?

கேள்வி:

"என் அம்மாவுக்கு 56 வயது, எடை 52 கிலோ. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போனோம். யூரின் நன்றாக முட்ட வேண்டும், தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். காலை 8 மணிக்குக் குடிக்க ஆரம்பித்தார். உள்ளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'நிரம்பவே இல்லை, இன்னும் குடியுங்கம்மா' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். 11 மணிக்குள் நாலரை லிட்டர் உள்ளே போயிருக்கும். நடுவில் இரண்டு முறை கொஞ்சமாகப் போனார். அப்புறம் தலைவலி, வாந்தி. வெறும் வயிறு, அதனால்தான் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒரு மணிக்கு என்னையே யார் என்று கேட்டார். ஆட்டோவில் போகும்போதே ஃபிட்ஸ். ஆஸ்பத்திரியில் சோடியம் 117 என்றார்கள். மூன்று நாள் இருந்து நல்லபடியாக வந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த டெஸ்டில் 133 இருந்திருக்கிறது. மாத்திரை அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் குடித்து ஃபிட்ஸ் வருமா டாக்டர்? பி.பி.க்காக உப்பைக் குறைத்துச் சமைத்தது நான்தான், அதனாலா? யூரினை அடக்கியதால் என்கிறார் சித்தி. சோடியம் குறைவு என்று தெரிந்தும் ஏன் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக இழுத்தார்கள்? ஆளாளுக்கு நாலு லிட்டர் குடி என்கிறார்களே, இனி அம்மா எவ்வளவு குடிக்கலாம்?"

வாசகி, திருச்சி

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 117 என்ற எண் இல்லை. 'நிரம்பவே இல்லை' என்று ஸ்கேன் அறையில் சொன்னார்களே, அதுதான். நாலரை லிட்டர் குடித்தவருக்கு மூன்று மணி நேரமாகியும் மூத்திரப்பை நிரம்பவில்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போனது? இந்தக் கேள்வியை அங்கே யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சாதாரணமாக நடப்பது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அது சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வருகிறது. ரத்தம் ஒரு துளி நீர்க்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் இதைக் கவனிப்பதற்கென்றே செல்கள் இருக்கின்றன. நூற்றுக்கு ஒரு பங்கு மாற்றம் வந்தாலே அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே பிட்யூட்டரி சுரப்பி வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை விடுவதை நிறுத்துகிறது. 'தண்ணீரை வெளியே விடாதே' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அந்தக் கட்டளை நின்றதும் சிறுநீரகம் நிறமே இல்லாத, ஏறக்குறைய பச்சைத் தண்ணீர் மாதிரியான சிறுநீரைப் பிரித்து அனுப்புகிறது. ஒரு மணி நேரத்துக்குள் மூத்திரப்பை முட்டும். ஸ்கேன் சென்டர்கள் நம்பியிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான். பெரும்பாலானவர்களுக்கு அது பிசகாமல் நடக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு அது நடக்காமல் போனதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதல் காரணம் நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிறது. அந்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற மருந்தைக் குறிக்கிறது. நம் ஊரில் பி.பி. மாத்திரைகள் பலவற்றில் இது கூட்டு மருந்தாகச் சேர்ந்தே வரும். தையசைடு வகை மருந்துகள் நல்ல மருந்துகள், விலையும் குறைவு, பக்கவாதத்தைத் தடுக்கின்றன. ஆனால் சிறுநீரகத்தில் அவை வேலை செய்யும் இடம் விவகாரமானது. சிறுநீரை நீர்த்துப்போகச் செய்கிற குழாய்ப் பகுதி எதுவோ, அங்கேதான் அவை போய் உட்காருகின்றன. அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவரால் பச்சைத் தண்ணீர் மாதிரி சிறுநீர் கழிக்க முடியாது. கூடுதல் தண்ணீரை வெளியே தள்ளும் கதவு அவருக்குப் பாதிதான் திறக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே 133 இருந்ததற்கும் அநேகமாக இந்த மாத்திரைதான் காரணம். 135 முதல் 145 வரை இருப்பதுதான் சரியான அளவு. 133-ஐப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள், பதறவும் தேவையில்லை. ஆனால் மாத்திரைச் சீட்டையும் அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவராவது பார்த்திருக்கலாம்.

இரண்டாவது காரணம், வாசோப்ரெசின் நின்றிருக்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. ரத்தம் நீர்த்தால் மட்டும் போதாது. வலி இருந்தாலும், பதற்றம் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குமட்டல் இருந்தாலும், அந்தச் சுரப்பி ரத்தத்தின் நிலவரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கும். அடிவயிற்று வலியோடு வந்தவர், ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்ற பயத்தில் இருப்பவர், வயிறு முட்டக் குடித்ததால் குமட்டல் வேறு. ஆக, தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்க, சிறுநீரகம் அதைப் பிடித்துவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. குடித்தும் மூத்திரப்பை நிரம்பவில்லை என்பது அந்த நிலையின் அடையாளம். அந்த நேரத்தில் 'இன்னும் குடியுங்கள்' என்பது செய்யவே கூடாத காரியம்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அம்மா வயதில், அந்த உடல்வாகில், எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 52 கிலோவுக்கு 26 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 133 அலகு வீதம் 26 லிட்டருக்குப் பெருக்கினால் 3,458 வருகிறது. நாலரை லிட்டர் குடித்து, இரண்டு தடவையும் சேர்த்து ஒரு லிட்டர் போனார் என்று எடுத்துக்கொண்டால், உள்ளே தங்கியது மூன்றரை லிட்டர். இப்போது 26 லிட்டர் 29.5 லிட்டர் ஆகிவிட்டது. 3,458 அப்படியே இருக்கிறது. அதை 29.5-ஆல் வகுத்தால் 117. லேபில் வந்த எண்ணும் அதுவே. இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது ஓரளவு தற்செயல்தான். சிறுநீரில் கொஞ்சம் சோடியம் போயிருக்கும், வாந்தியில் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் நடந்தது என்ன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அவர் உடம்பில் இருந்த சோடியம் எங்கேயும் காணாமல் போகவில்லை. தண்ணீர் கூடிவிட்டது.

உப்பைக் குறைத்துச் சமைத்ததால்தானோ என்று நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதற்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைவு என்றதும் எல்லோரும் சாப்பாட்டு உப்பைத்தான் நினைக்கிறார்கள். இந்த அளவு ஒரு விகிதம். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்ற விகிதம். காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் மாறியது தண்ணீர் மட்டுமே. பல வாரங்களாகக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு, உப்பும் பருப்பும் இல்லாமல் இருக்கும் முதியவர்களுக்குத் தண்ணீரை வெளியேற்றும் திறன் குறைவது உண்மை. ஏனென்றால் சிறுநீர் எவ்வளவு நீர்த்திருந்தாலும் அதில் கொஞ்சமாவது உப்பும் யூரியாவும் இருந்தாக வேண்டும். அது வேறு கதை. உங்கள் வீட்டுச் சமையலுக்கும் அன்றைக்கு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சாக்கிட்டு இப்போது சாம்பாரில் உப்பைக் கூட்டிவிடாதீர்கள், பி.பி. ஏறும்.

சித்தி சொல்வதும் சரியில்லை. மூத்திரப்பைக்கு வந்துவிட்ட சிறுநீர் உடம்பின் கணக்கில் ஏற்கெனவே வெளியே போனதுதான். அதை அடக்கி வைத்தால் அவஸ்தை, அவ்வளவுதான், ரத்தம் நீர்க்காது. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது. 2007 ஜனவரியில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நிலையம் ஒரு போட்டி வைத்தது. கழிப்பறைக்குப் போகாமல் யார் அதிகம் தண்ணீர் குடிக்கிறாரோ அவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு. நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு நர்ஸ் போன் செய்து, இது உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்தார். கலந்துகொண்ட 28 வயதுத் தாய் ஒருவர் கடுமையான தலைவலியோடு வீட்டுக்குப் போனார். அன்றே இறந்துவிட்டார். அடக்கி வைத்ததால் என்றுதான் பலர் பேசினார்கள். அவரைக் கொன்றது குடித்த தண்ணீர்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. தண்ணீர் குடித்து ஃபிட்ஸ் எப்படி வரும்?

செல்லின் சுவர் வழியாகச் சோடியம் இஷ்டத்துக்கு உள்ளே போய்வர முடியாது. தண்ணீர் போக முடியும். வெளியே இருக்கும் நீர் மெலிந்துபோனால், உள்ளே அடர்த்தி அதிகம் என்பதால், இரண்டு பக்கமும் சமமாகும் வரை தண்ணீர் செல்லுக்குள் ஏறும். உங்கள் அம்மா உடம்பில் தங்கிய மூன்றரை லிட்டரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிச் செல்களுக்குள் போயிருக்கும். அதனால்தான் அவருக்குக் காலோ முகமோ வீங்கியிருக்காது. பி.பி. பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. தசையில் இருக்கும் செல்கள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் உப்பினால் யாருக்கும் தெரியாது, விரிய இடம் இருக்கிறது. மூளைக்கு அந்த வசதி இல்லை. உலர்ந்த கொண்டைக்கடலையை டப்பா நிறையக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக மூடி வைத்தால் காலையில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டப்பாவின் மூடி தூக்கிக்கொள்ளும். மண்டையோட்டுக்குத் தூக்கிக்கொள்ள மூடி இல்லை.

மூளைக்குள் தண்ணீர் நுழையும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் மற்ற இடங்களைப் போல ஒழுகுபவை இல்லை, சோடியத்தை எளிதில் விடாது. ஆனால் அந்தக் குழாய்களைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் தங்கள் பாதங்களைப் பதித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாதங்களில் தண்ணீருக்கென்றே நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றின் பெயர் அக்வாபோரின். இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் அக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். மூளையில் இருக்கும் வகை அக்வாபோரின்-4. அது இல்லாமல் பிறக்க வைத்த எலிகளுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் செலுத்தியபோது மூளை வீக்கம் குறைவாக இருந்தது, பிழைத்தவையும் அதிகம். ஆக, முதலில் வீங்குவது நரம்புச் செல்களைவிட இந்தத் துணைச் செல்கள்தான். நரம்புகளைச் சுற்றியிருக்கும் பொட்டாசியத்தையும், வேலை முடிந்த குளூட்டமேட் என்ற தூண்டும் பொருளையும் அள்ளி ஒழுங்குபடுத்துவது இவற்றின் வேலை. இவை வீங்கித் தடுமாறினால் நரம்புகள் கட்டுப்பாடில்லாமல் தூண்டப்படுகின்றன. அதுதான் வலிப்பு.

மூளை சும்மா இருந்துவிடுவதில்லை. முதல் சில நிமிடங்களிலேயே தன் இடுக்குகளில் இருக்கும் திரவத்தைத் தண்டுவட நீருக்குள் தள்ளி இடம் பண்ணிக்கொள்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியேற்றுகிறது. அதன் பிறகு, ஓரிரண்டு நாள் போக்கில், டாரின், மயோஇனாசிட்டால், கிரியேட்டின் போன்ற பொருள்களையும் குறைத்துக்கொள்கிறது. உள்ளே அடர்த்தி குறைந்தால் தண்ணீரும் வெளியேறிவிடும், வீக்கம் வடிந்துவிடும். அதனால்தான் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கி 117-க்கு வந்த ஒரு பாட்டி, கொஞ்சம் தள்ளாட்டத்தோடும் மறதியோடும் தானே நடந்து என் அறைக்கு வருவார். அதே 117-க்குச் சில மணி நேரத்தில் இறங்கிய உங்கள் அம்மா ஸ்ட்ரெச்சரில் போனார். எண்ணைவிட அது இறங்கிய வேகம் பெரிது.

அன்றைய நாளை இந்த வரிசையில் திரும்பிப் பாருங்கள். 11 மணிக்குத் தலைவலியும் வாந்தியும். மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதன் முதல் அறிகுறிகள் அவை. வெறும் வயிறு என்று நினைத்தது இயல்புதான், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் வாந்தியும் குமட்டலும் வாசோப்ரெசினை இன்னும் தூண்டும், சிறுநீர் இன்னும் குறையும். இது ஒரு சுழல். அதோடு, கடைசியாகக் குடித்த ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் 11 மணிக்கு இன்னும் குடலில்தான் இருந்திருக்கும். அது உறிஞ்சப்பட உறிஞ்சப்பட, குடிப்பதை நிறுத்திய பிறகும் சோடியம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு மணிக்கு உங்களையே யார் என்று கேட்டது அந்த இறக்கத்தில். இந்த இடத்தில் பல வீடுகளில் 'வாந்தி எடுத்து உடம்பு காய்ந்துவிட்டது' என்று மறுபடி தண்ணீரோ இளநீரோ கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் சொற்பம். அல்லது பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். 5 சதவீத குளுக்கோஸ் என்பது, அதிலுள்ள சர்க்கரையை உடம்பு எரித்த பிறகு, வெறும் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரை நேராக ரத்தக்குழாயில் ஊற்றியது மாதிரி. நீங்கள் ஆட்டோவைப் பிடித்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லது.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்றால், ஒன்று உண்டு. எடை மெஷின். மூன்றரை லிட்டர் தங்கினால் மூன்றரை கிலோ ஏறும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தை ஓட்டம் முடிந்ததும் பரிசோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே இருந்தது, மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. வியர்வையில் உப்பு போனதால் என்று நினைப்போம். அவர்களில் பலர் ஓட்டத்துக்கு முன் இருந்ததைவிட எடை கூடி வந்திருந்தார்கள். 42 கிலோமீட்டர் ஓடி எடை கூடுவது என்றால், வழியெல்லாம் குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். வெறும் தண்ணீர் குடித்தார்களா, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தார்களா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பானங்களில் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. அவையும் ரத்தத்தை நீர்க்கத்தான் செய்யும்.

இப்போது சொட்டுச் சொட்டாக ஏன் என்ற கேள்வி. உண்மையில் அவர்கள் முதல் அரை மணியில் அவசரப்பட்டிருப்பார்கள், அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் '3 சதவீத சலைன்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக ஏற்றும் சலைன் 0.9 சதவீதம், இது அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தி. ஃபிட்ஸோடு வரும் நோயாளிக்கு இதில் 100 மில்லியைப் பத்து நிமிடத்தில் ஏற்றுவோம். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு முறை. 100 மில்லியில் சோடியம் 51 அலகு. மூன்று முறை என்றால் 153. நாம் மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்த்துப் பார்த்தால் 117 என்பது 121-ஐ ஒட்டி வரும். வெறும் நான்குதானா என்று தோன்றும். ஆனால் மூளையிலிருந்து தண்ணீரை இழுத்து, வலிப்பை நிறுத்தி, மூளைத்தண்டு நசுங்காமல் காப்பாற்ற நான்கு முதல் ஆறு அலகு ஏறினாலே போதும். இறந்துபோகிறவர்கள் பெரும்பாலும் மூளை கீழ்ப்பக்கம் பிதுங்கி, மூச்சை நடத்தும் பகுதி நசுங்கித்தான் இறக்கிறார்கள். அந்த ஆபத்தைக் கடக்க 140 வரை போக வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் மெதுவாகப் போகிறோம். மூளை தன் சரக்கை வெளியே தள்ளி வீக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றேன் அல்லவா? அப்படித் தள்ளிவிட்ட மூளையைச் சுற்றி திடீரென்று சோடியத்தை ஏற்றினால், இப்போது வெளியே அடர்த்தி அதிகம், உள்ளே குறைவு. தண்ணீர் எதிர்த்திசையில் வெளியேறிச் செல்கள் சுருங்கும். நரம்பு இழைகளின் மேலுறையான மயலின் உரிந்துபோகும், குறிப்பாக மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில். கொடுமை என்னவென்றால் இது உடனே தெரியாது. நோயாளி தெளிந்து எழுந்து உட்கார்ந்து பேசுவார், இரண்டு முதல் ஆறு நாள் கழித்து நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கை கால் தளரும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.

ஒரு சில மணி நேரத்தில் இறங்கியவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மூளை இன்னும் அந்தப் பொருள்களை இழந்திருக்காது. உங்கள் அம்மாவின் கதை முழுவதும் தெரிந்தால் சிலர் இன்னும் வேகமாகக் கூடப் போயிருப்பார்கள். ஆனால் கேஷுவாலிட்டியில் நிற்கும் டியூட்டி டாக்டருக்கு முந்தின நாள் சோடியம் என்ன என்று தெரியாது. தையசைடு சாப்பிடும் பெண்ணுக்கு அது ஏற்கெனவே 125 ஆக இருந்திருக்கலாம். தெரியாதபோது மெதுவாகப் போவதுதான் சரி. அதிலும் இந்த மாதிரி நோயாளிகளில் இன்னொரு சங்கடம் உண்டு. குமட்டல் நின்றதும் வாசோப்ரெசின் சட்டென்று நின்றுவிடும், பிடித்துவைத்த தண்ணீர் எல்லாம் மளமளவென்று சிறுநீராகக் கொட்டும், நாம் ஒன்றும் செய்யாமலே சோடியம் விறுவிறுவென்று ஏறும். யூரின் பையை நர்ஸ் மணிக்கு மணி வந்து அளந்துகொண்டிருந்தார்களே, அது இதற்காகத்தான்.

மறுபடி வருமா, மூளையில் ஏதாவது தங்கியிருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். பேச்சு, நடை, ஞாபகம் மூன்றும் பழையபடி இருந்தால் அநேகமாக எதுவும் தங்கவில்லை. இந்த ஒரு வலிப்பை வைத்து அவருக்குக் காக்காய் வலிப்பு நோய் என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் மாத்திரை கொடுக்கத் தேவையில்லை. யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், எதற்காக என்று கேளுங்கள். முக்கியமாக, கார்பமஸபைன் என்ற வலிப்பு மாத்திரையே சோடியத்தை இறக்கக் கூடியது.

எவ்வளவு குடிக்கலாம்? ஒரு நாள் முழுக்க நாலு லிட்டர் என்பதும் மூன்று மணி நேரத்தில் நாலரை லிட்டர் என்பதும் ஒன்றில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிற, மருந்து எதுவும் சாப்பிடாத ஒருவரால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வெளியேற்ற முடியும். அதற்கு மேல் வேகமாகக் குடித்தால் யாருக்கும் உள்ளே தங்கும். கல் பிரச்சினை உள்ளவர்களுக்கு நாங்களே மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறோம், அதை நாள் பூராவும் பரப்பிக் குடிப்பதால் ஒன்றும் ஆவதில்லை. உங்கள் அம்மாவுக்குக் கல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அவருக்குத் தாகம் எடுத்தால் குடிக்கட்டும். திருச்சி வெயிலில் தாகம் தானாகவே எடுக்கும். காலையில் எழுந்ததும் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் என்று வாட்ஸ்அப்பில் வருவது அவருக்கு வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தையசைடினால் ஒரு தடவை சோடியம் இப்படி இறங்கியவருக்கு அதை மறுபடி கொடுப்பதில்லை. அதே அட்டையில் இருக்கும் மற்ற மருந்தை வைத்துக்கொண்டு வேறு ஒன்றைச் சேர்ப்பார்கள். குளோர்தாலிடோன், இண்டபமைடு இரண்டும் இதே குணம் உள்ளவை என்பதால் அவையும் வேண்டாம் என்று ஞாபகப்படுத்துங்கள். மாற்றிய பிறகு ஒரு வாரம் கழித்துச் சோடியம் பாருங்கள். 135-க்கு மேல் வந்துவிட்டால் அந்த பழைய 133-க்கும் விடை கிடைத்துவிடும். வரவில்லை என்றால் தைராய்டையும் கார்டிசாலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அடிவயிற்று ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்துத்தான் ஆக வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கழிப்பறைக்குப் போய்விட்டு, முக்கால் லிட்டர், அதிகம் போனால் ஒரு லிட்டர் குடித்தால் போதும். மூத்திரப்பையில் 300 மில்லி இருந்தாலே உள்ளே தெளிவாகத் தெரியும். நிரம்பவில்லை என்றால் குடிக்காமல் காத்திருக்கட்டும். ஒரு மணி நேரம் காத்தும் நிரம்பவில்லையா, இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள், அல்லது மூத்திரப்பை நிரம்பத் தேவையே இல்லாத உள்வழி ஸ்கேன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஸ்கேன் சென்டர்கள் 'தண்ணீர் குடியுங்கள்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளில், ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, சோடியம் இறங்கிய விவரத்தை டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லும் எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு உட்காருங்கள்.